தொழிலை மொத்தமாக விற்றால் லாபக் கணக்கு எப்படி? ‘ஸ்லம்ப் சேல்’ ஒரு விளக்கம்

பங்குச் சந்தைக்கு நிறுவனங்கள் தரும் அறிவிப்புகளில் ‘எங்கள் ஒரு பிரிவை ஸ்லம்ப் சேல் முறையில் விற்கிறோம்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. 2010-இல் பிரமல் ஹெல்த்கேர் தன் உள்நாட்டு மருந்து வணிகத்தை 372 கோடி டாலருக்கு அபாட் நிறுவனத்துக்கு விற்றபோது இந்தச் சொல் பரவலாகப் பேசப்பட்டது. இதே முறையில் சிறிய பவுண்டரிகளும் நூற்பாலைகளும்கூடக் கைமாறுகின்றன. இவற்றைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். நிலம், இயந்திரம், சரக்கு, பிராண்டு எல்லாம் சேர்ந்து ஒரே விலைக்குப் போனால் எதற்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது? பிரிக்கவே இல்லையென்றால் லாபத்தை எதிலிருந்து கணக்கிடுவது?

கீழே வரும் பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025 சட்டத்தில் எண்கள் மாறுகின்றன. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆடிட்டர்களின் பேச்சும் இன்னும் பழைய எண்களைச் சுற்றியே இருப்பதால் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

## இரண்டு வழிகள்

ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை இரண்டு விதமாக விற்கலாம்.

1. இனவாரி விற்பனை. ஒவ்வொரு சொத்துக்கும் தனி விலை போடப்படும். நிலத்துக்கு இவ்வளவு, இயந்திரத்துக்கு இவ்வளவு, சரக்குக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். வரியும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்காகும்.

2. ஸ்லம்ப் சேல். தொழில் முழுவதும், அதன் சொத்து, கடன், ஊழியர், ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து, ஒரே தொகைக்குப் போகும். எந்தச் சொத்துக்கும் கடனுக்கும் தனி மதிப்பு குறிக்கப்படாது. பிரிவு 2(42சி) இதை வரையறுக்கிறது, பிரிவு 50பி லாபம் கணக்கிடும் வழியைச் சொல்கிறது.

இரண்டாவது வழியில் விற்கப்படுவது ஒரு முழுத் தொழிலாகவோ, தனித்து ஓடக்கூடிய ஒரு பிரிவாகவோ இருக்க வேண்டும். நான்கு லேத்து இயந்திரங்களையும் ஒரு குடோனையும் ஒரு பட்டியலில் போட்டு மொத்த விலை சொன்னால் அது ஸ்லம்ப் சேல் ஆகாது, ஏனென்றால் அந்தத் தொகுப்பை வைத்து வாங்கியவர் மறுநாள் காலை தொழில் நடத்த முடியாது. அதற்காக ஒரு சொத்துகூட விடுபடக் கூடாது என்றும் இல்லை. வங்கியில் உள்ள பணத்தையோ பக்கத்துக் காலி மனையையோ விற்பவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அது இல்லாமலும் தொழில் ஓடுமா என்பதே கேள்வி.

## 50பி ஏன் வந்தது?

1999 நிதிச் சட்டத்துக்கு முன்பு மொத்த விற்பனைக்குத் தனி விதி இல்லை. விலை தெரியும், ஆனால் ‘தொழில்’ என்ற மொத்தப் பொருளை வாங்கிய விலை என்ன என்பது தெரியாது. வாங்கிய விலை தெரியாவிட்டால் மூலதன ஆதாயக் கணக்கே ஓடாது. சொந்தமாக வளர்த்த தொழில் நற்பெயரான குட்வில்லுக்கு வாங்கிய விலையே இல்லாததால் அதன் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி போட முடியாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் ஸ்ரீனிவாச செட்டி வழக்கில் சொன்னது. குட்வில்லைப் பொறுத்தவரை சட்டம் பிற்பாடு திருத்தப்பட்டு, வாங்கிய விலை பூஜ்யம் என்று எழுதப்பட்டது. மொத்தத் தொழிலின் விஷயத்தில் அதே சிக்கல் தொடர்ந்தது. 1969 வங்கி தேசியமயத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் தொழிலுக்குக் கிடைத்த இழப்பீட்டுக்கு வரி உண்டா என்ற பிஎன்பி ஃபைனான்ஸ் வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் வரி கிடையாது என்றது. காரணம் அதேதான், மொத்தத் தொழிலின் அடக்க விலையைக் கண்டுபிடிக்க அந்தக் காலச் சட்டத்தில் வழியில்லை.

50பி இந்த ஓட்டையை ஒரே வரியில் அடைத்தது: தொழிலின் நிகர மதிப்பே அதை வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். மொத்த விலையிலிருந்து நிகர மதிப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் ஆதாயம்.

## ஒரு பவுண்டரியின் கணக்கு

கற்பனையாக ஒரு கணக்கு. கோயம்புத்தூரில் 14 வருடமாக இரும்பு வார்ப்பு செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். தன் ஒரே தொழிலான பவுண்டரியை, அதன் கடன்களோடு சேர்த்து, 16 கோடிக்கு விற்கிறது. வாங்குபவர் கடன்களை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் 16 கோடி ரொக்கம் தருகிறார்.

கைமாறும் அன்று நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் இப்படி:

- நிலம்: 1.50 கோடி
- கட்டடம்: 1.40 கோடி
- இயந்திரங்கள்: 3.80 கோடி
- சரக்கு: 3.00 கோடி
- வரவேண்டிய பாக்கி: 2.80 கோடி
- வங்கிக் கடனும் கொடுக்கவேண்டிய பாக்கியும்: 4.30 கோடி

நிகர மதிப்பு என்றதும் பலர் இந்த ஐந்து சொத்துகளையும் கூட்டி, கடனைக் கழித்து, 8.20 கோடி என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. தேய்மானம் கிடைக்கும் சொத்துகளுக்குப் புத்தக மதிப்பை எடுக்கக் கூடாது, வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக மிச்சமிருக்கும் மதிப்பை எடுக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி போடும் தேய்மானம் வேறு, வருமான வரிக்குப் போடும் தேய்மானம் வேறு. பொதுவாக வரிக்கணக்கில் தேய்மானம் வேகமாக ஓடியிருக்கும். நம் பவுண்டரியில் வரிக்கணக்கு மதிப்பு கட்டடத்துக்கு 1.00 கோடி, இயந்திரத்துக்கு 2.50 கோடி.

அதனால் சொத்துகளின் மொத்தம் 1.50 + 1.00 + 2.50 + 3.00 + 2.80 = 10.80 கோடி. கடன் 4.30 போனால் நிகர மதிப்பு 6.50 கோடி. சொந்தமாக வளர்த்த பெயருக்கும் குட்வில்லுக்கும் இதில் இடம் பூஜ்யம். நிலத்தை விற்பனைக்கு முன் புத்தகத்தில் மறுமதிப்பீடு செய்து உயர்த்தினாலும் பயன் இல்லை, மறுமதிப்பீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று பிரிவு சொல்கிறது.

ஆதாயம்: 16.00 − 6.50 = 9.50 கோடி.

புத்தக மதிப்பை வைத்துப் போட்டிருந்தால் 7.80 என்று வந்திருக்கும். 1.70 கோடி குறைவு. வருமான வரித் துறையின் ஆய்வில் இது முதலிலேயே தட்டுப்படும். நிகர மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் சான்று தரும் படிவம் 3சிஇஏ-வைத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு குழப்பம்: வாங்குபவர் ஏற்றுக்கொண்ட 4.30 கோடிக் கடனை விலையோடு கூட்ட வேண்டாமா? வேண்டாம். நிகர மதிப்பு கணக்கிடும்போதே கடனைக் கழித்தாயிற்று. விலையிலும் கூட்டினால் ஒரே தொகைக்கு இரண்டு தடவை வரி கட்டுவதாகிவிடும்.

## பழைய சொத்து, புதிய சொத்து என்ற பேதம் இல்லை

50பி-யின் தாராளம் இங்கேதான். தொழில் 36 மாதத்துக்கு மேல் கையில் இருந்தால் முழு ஆதாயமும் நீண்டகால ஆதாயம். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய உலையும் நேற்று வார்த்த சரக்கும்கூட அதற்குள் அடங்கிவிடும். பார்ப்பது தொழிலின் வயதை மட்டுமே.

2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். நம் நிறுவனம் 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது என்று வைப்போம். அதற்கு 10 சதவீத சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் சேரும். அப்போது நீண்டகால ஆதாயத்துக்கு மொத்தச் சுமை 14.3 சதவீதம், மற்ற வருமானத்துக்கு 25.168 சதவீதம்.

9.50 கோடிக்கு 14.3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1.36 கோடி வரி.

## அதே விலையைப் பிரித்து எழுதினால்

இப்போது அதே பவுண்டரியை இனவாரியாக விற்போம். வாங்குபவர் தருவது 16 கோடி ரொக்கமும் 4.30 கோடிக் கடன் பொறுப்பும், ஆக 20.30 கோடி. இதைச் சொத்துகளின் மேல் பரப்ப வேண்டும். உலகெங்கும் வழக்கம், கையில் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றுக்கு முதலில் சந்தை மதிப்பைக் கொடுத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் குட்வில்லில் போடுவது.

1. நிலம்: 6.00 கோடி. அடக்கம் 1.50. ஆதாயம் 4.50, நீண்டகாலம்.
2. கட்டடம்: 1.50 கோடி. வரிக்கணக்கு மதிப்பு 1.00. ஆதாயம் 0.50. தேய்மானச் சொத்து என்பதால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் பிரிவு 50-இன்படி குறுகியகாலம்.
3. இயந்திரம்: 3.50 கோடி. வரிக்கணக்கு மதிப்பு 2.50. ஆதாயம் 1.00, இதுவும் குறுகியகாலம்.
4. சரக்கு: 3.00 கோடி. அடக்க விலைக்கே போகிறது, லாபமில்லை. லாபம் இருந்திருந்தால் அது தொழில் வருமானம்.
5. வரவேண்டிய பாக்கி: 2.80 கோடி, லாபமில்லை.
6. மிச்சம் 3.50 கோடி குட்வில். அடக்கம் பூஜ்யம், முழுவதும் நீண்டகால ஆதாயம்.

கூட்டினால் ஆதாயம் 9.50 கோடி. ஸ்லம்ப் சேலில் வந்த அதே எண். விலையைப் பிரிப்பதால் மொத்த லாபம் மாறுவதில்லை, அதன் ஜாதிதான் மாறுகிறது. 8.00 கோடி நீண்டகாலம், 1.50 கோடி குறுகியகாலம். வரி 1.14 + 0.38 = 1.52 கோடி. ஸ்லம்ப் சேலைவிட 16 லட்சம் அதிகம்.

16 லட்சத்துக்காகவா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். பெரிய வித்தியாசம் ஜிஎஸ்டியில் இருக்கிறது. ஓடும் தொழிலை முழுதாகவோ தனித்து இயங்கும் பிரிவாகவோ மாற்றித் தருவதற்கு 2017-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் மத்திய வரி அறிவிக்கையின்படி ஜிஎஸ்டி இல்லை. இனவாரி விற்பனையில் இயந்திரம், சரக்கு, குட்வில் மூன்றும் வரிக்கு உட்பட்டவை. 10 கோடிக்கு 18 சதவீதம் என்று வைத்தால் 1.80 கோடி. வாங்குபவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் தன் விற்பனை வரி அந்த அளவுக்கு வரும் வரை பணம் முடங்கிக் கிடக்கும்.

## பிரிப்பதில் ஏன் இழுபறி?

மேலே உள்ள ஆறு எண்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. பழைய இயந்திரத்தின் விலையை 3.50 என்றும் சொல்லலாம், மதிப்பீட்டாளரைப் பிடித்து 5.50 என்றும் சொல்லலாம். இரு தரப்புக்கும் இதில் ஆசை எதிரெதிராக ஓடுகிறது.

வாங்குபவருக்கு இயந்திரத்தில் அதிகம் இருந்தால் நல்லது, வருடம் 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. குட்வில்லுக்கு முன்பு இருந்தது, 2012-இல் ஸ்மிஃப்ஸ் செக்யூரிட்டீஸ் தீர்ப்பு அதை உறுதிகூடச் செய்தது. 2021 நிதிச் சட்டம் அதை வெட்டிவிட்டது.

அவர் கேட்டபடி குட்வில்லிலிருந்து 2 கோடியை இயந்திரத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? விற்பவருக்கு 2 கோடி, நீண்டகால ஆதாயம் என்பதிலிருந்து குறுகியகாலம் என்று மாறும். வரி 1.52-இலிருந்து 1.74 கோடியாக உயரும். ஏறக்குறைய 22 லட்சம் கூடுதல், அதுவும் உடனே. வாங்குபவரும் அதே 22 சதவீதத் திட்டத்தில் இருந்தால் அவருக்கு முதல் முழு வருடம் 30 லட்சம் தேய்மானம், அதனால் 7.5 லட்சம் வரி மிச்சம், பிறகு வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். விவரம் தெரிந்த விற்பனையாளர் இந்த மாற்றத்துக்குச் சம்மதிக்க விலையில் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். கேட்காதவர்தான் அதிகம், பிரிப்பு அட்டவணை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருப்பதால்.

ஸ்லம்ப் சேலில் இந்தப் பேரமே எழாது. விற்பவரின் கணக்கில் பிரிப்பு கிடையாது. ஆனால் பிரிப்பு மறைந்துபோவதும் இல்லை. கைமாறிய பிறகு வாங்குபவர் தன் புத்தகத்தில் ஏற்றுவதற்காக ஒரு மதிப்பீட்டாளரை வைத்து 20.30 கோடியைத் தனியாகப் பிரித்துக்கொள்கிறார். குட்வில்லுக்குத் தேய்மானம் போனபின் பிராண்டு, தொழில்நுட்ப அறிவு போன்றவற்றின் மதிப்பு இந்த அறிக்கைகளில் பெருகுவதில் ஆச்சரியமில்லை, அவற்றுக்கு 25 சதவீதத் தேய்மானம் இன்னும் உண்டு. வரியைக் குறைப்பதே முக்கிய நோக்கமாக விலை ஏற்றப்பட்டது என்று அதிகாரி கருதினால், பிரிவு 43(1)-இன் மூன்றாம் விளக்கத்தின்படி அந்த அடக்க விலையைத் திருத்தி நிர்ணயிக்கலாம்.

## எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஒப்பந்தத்தில் விலை அட்டவணை. மேலே ‘மொத்த விலை 16 கோடி’ என்று எழுதிவிட்டு, இணைப்பில் இயந்திரம் வாரியாக விலை போட்டால் ஸ்லம்ப் சேல் உடைந்துவிடும். ஒப்பந்தம் மட்டுமல்ல, பின்னணிக் காகிதங்களும் பேசும். 1997-இல் ஆர்டெக்ஸ் மேனுஃபேக்சரிங் வழக்கில் மொத்த விலை மதிப்பீட்டாளர் அறிக்கையின் இனவாரி மதிப்புகளிலிருந்தே வந்தது தெரிந்ததால், இயந்திரத்துக்கு உரிய பகுதியைத் தனியே பிரித்து வரி போட உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. ஒரு விலக்கு உண்டு. நிலத்தைப் பதிவு செய்ய வேண்டும், பதிவுக்கு ஒரு மதிப்பு எழுதியாக வேண்டும். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் மட்டுமே குறித்த மதிப்பைத் தனி மதிப்பாகக் கருதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த நோக்கத்தைப் பத்திரத்தில் தெளிவாக எழுதுவது நல்லது.

விலையைக் குறைத்துக் காட்டுவது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்த விலை எதுவாக இருந்தாலும் விதி 11யுஏஇ சொல்லும் நியாயச் சந்தை மதிப்புதான் கணக்கில் வரும். இரண்டு மதிப்புகளைப் பார்த்து அதிகமானதை எடுக்க வேண்டும். முதலாவது, சொத்துகளின் புத்தக மதிப்பு, ஆனால் நிலம், கட்டடத்துக்கு முத்திரைத் தீர்வை மதிப்பு, இதிலிருந்து கடன் கழியும். இரண்டாவது, உண்மையில் கிடைத்த விலை. நம் பவுண்டரியின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் முத்திரைத் தீர்வை மதிப்பு 6.40 கோடி என்றால் முதல் மதிப்பு 6.40 + 3.80 + 3.00 + 2.80 − 4.30 = 11.70 கோடி. கிடைத்த விலை 16 என்பதால் பிரச்சினை இல்லை. குடும்ப நிறுவனங்களுக்குள் 8 கோடிக்கு மாற்றியிருந்தாலும் 11.70 கோடியை விலையாகக் கொண்டுதான் ஆதாயம் கணக்காகியிருக்கும்.

எந்தத் தேதியின் கணக்கு? கடந்த மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் உதவாது. கைமாறிய நாளின் கணக்கு வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளுக்கும் கைமாறும் நாளுக்கும் நடுவில் பாக்கி 30 லட்சம் வசூலாகி, அந்தப் பணம் விற்பவரிடமே தங்கினால், வாங்குபவர் விலையில் 30 லட்சம் குறைப்பார். விலை 15.70, நிகர மதிப்பு 6.20, ஆதாயம் பழையபடி 9.50. நிகர மதிப்பை மட்டும் பழைய தேதியில் விட்டுவிட்டால் ஆதாயம் 9.20 என்று தவறாக வரும்.

கடன் சொத்தைவிட அதிகமானால். பவுண்டரியின் கடன் 12.80 கோடி, விலை 9 கோடி என்று வைப்போம். நிகர மதிப்பு −2.00. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 9 கோடிக்கு வரி கட்டினால் போதும் என்று சிலர் வாதிட்டார்கள். 2012-இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு சம்மிட் செக்யூரிட்டீஸ் வழக்கில் அதை ஏற்கவில்லை. கழித்தல் குறி உள்ள எண்ணைக் கழித்தால் கூடும், எனவே ஆதாயம் 11 கோடி. கைக்கு வந்த விலையைவிட லாபம் அதிகமாகத் தெரிவது விசித்திரம்தான், ஆனால் 2 கோடி பற்றாக்குறைக் கடனை இன்னொருவர் சுமப்பதும் விற்பவருக்கு ஒரு வரவே.

## வரிக்குப் பிறகு பணம் யாரிடம்?

ஸ்லம்ப் சேலில் விற்பது நிறுவனம், பங்குதாரர்கள் அல்ல. 16 கோடியில் வரி போக மிஞ்சும் சுமார் 14.64 கோடி நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நிற்கும். அதை டிவிடெண்டாக எடுத்தால் பங்குதாரரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதப்படி மறுபடி வரி. இதனால்தான் உரிமையாளர்கள் பலர் தொழிலை விற்காமல் நிறுவனத்தின் பங்குகளையே விற்க விரும்புகிறார்கள், அதில் ஒரு தடவை வரி கட்டினால் போதும். வாங்குபவர் பெரும்பாலும் அதற்கு மசிவதில்லை. பங்குகளை வாங்கினால் நிறுவனத்தின் பழைய வழக்குகளும் தெரியாத பாக்கிகளும் உள்ளேயே வந்துவிடும், அதோடு சொத்துகளைப் புதிய விலைக்கு ஏற்றித் தேய்மானம் எடுக்கவும் முடியாது.